ராஜினாமா கடிதத்தில் எழுதாத தேதி

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனங்களில் ஒருவர் வேலையை விடும்போது அனுப்பும் கடிதம் ஆறேழு வரிக்கு மேல் போவதில்லை. ஏழெட்டு வருடம் உழைத்தவரானாலும் அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகப் போகும் அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

"ஜூன் 1. மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். முதுநிலை மென்பொருள் பொறியாளர் பணியிலிருந்து விலக முடிவு செய்திருக்கிறேன். 90 நாள் நோட்டீஸ் காலத்தின்படி ஆகஸ்ட் 29 என் கடைசி வேலை நாள். சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்காக விலகுகிறேன். என் பொறுப்பில் உள்ள வேலைகளை அதற்குள் முறையாக ஒப்படைத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததை உறுதி செய்து, விடுவிப்புக் கடிதத்துக்கும் கணக்கு முடிப்புக்கும் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் கிடைத்த அனுபவத்துக்கு நன்றி."

படிக்க அரை நிமிடம் போதும். ஆனால் மாதச் சம்பளத்தை விட்டுத் தொழிலுக்குப் போகிறவர் இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சில மாத வேலையை முடித்திருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்பதை ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

கடிதத்தை எழுதியவருக்கு 34 வயது என்று வைத்துக்கொள்வோம். மேடவாக்கத்தில் வாடகை வீடு. மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், திருநெல்வேலியில் பெற்றோர். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 1,40,000 ரூபாய். அலுவலகத்தில் அவர் செய்வது வெளிநாட்டு வங்கிகளுக்கான மென்பொருள். தொடங்க நினைப்பது, மொத்த வியாபாரிகள் தங்கள் கடன் பாக்கியைப் பின்தொடர்ந்து வசூலிக்க உதவும் ஒரு சிறிய மென்பொருள். சேமிப்பு 24 லட்சம்.

24 லட்சம் எத்தனை மாதம்?

வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதைத்தான் தொழில் தொடங்குகிறவர்கள் 'ரன்வே' என்கிறார்கள். கையில் உள்ள பணத்தை மாதச் செலவால் வகுத்தால் வந்துவிடும். வகுத்தல் சுலபம். மாதச் செலவு என்று எதை எழுதுகிறோம் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நம் பொறியாளர் முதலில் வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதுகிறார். வாடகை 22,000. மளிகை, பால், கேஸ், மின்சாரம், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 24,000. கார் தவணை 11,000. பெட்ரோல் 6,000. ஊருக்கு அனுப்புவது 10,000. மருந்து, மொய், பண்டிகை என்று 7,000. மொத்தம் 80,000. அப்படியானால் 24 லட்சம் 30 மாதத்துக்கு வரும். இரண்டரை வருடம் என்றதும் மனம் குளிர்ந்துவிடுகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் மனைவி கேட்கிறார்: "என்னங்க, ஸ்கூல் ஃபீஸ் எங்க? அது ஜூன்ல ஒண்ணா கட்டுறது. அதனால உங்க மாசக் கணக்குல வரவே இல்ல."

வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரும் செலவுகள் இப்படித்தான் கண்ணுக்குத் தப்பும். ஃபீஸ் வருடத்துக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. அடுத்தது, இதுவரை கம்பெனி கட்டிவந்ததால் செலவாகவே தெரியாதவை. குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு, அவருக்கு ஆயுள் காப்பீடு எல்லாம் இனிச் சொந்தப் பணத்தில். வருடத்துக்கு 90,000 என்று வைத்தால் மாதம் 7,500. இத்துடன் வீட்டுச் செலவு 97,500 ஆகிவிட்டது. கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு மேல் தொழிலுக்கான செலவு இருக்கிறது. சர்வர் வாடகை, ஆடிட்டர், ஜி.எஸ்.டி. தாக்கல், கடை கடையாகப் போய்வரும் செலவு என்று மாதம் 20,000. ஆக மொத்தம் 1,20,000.

இனிப் பணத்தின் பக்கம். 24 லட்சத்தில் 3 லட்சத்தை ஆஸ்பத்திரி போன்ற அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டு மறந்துவிட வேண்டும். மிச்சம் 21 லட்சத்தை 1,20,000-ஆல் வகுத்தால் பதினேழரை மாதம் வருகிறது. 30 மாதம் என்று நினைத்தது கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இன்னும் ஒரு கழித்தல் பாக்கி. தொழில் ஓடவில்லையென்றால் வேலைக்குத் திரும்ப வேண்டும். நேர்முகத் தேர்வுகள் முடிந்து, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளம் கைக்கு வர நாலு மாதமாவது ஆகும். அந்த நாலு மாதமும் குடும்பம் சாப்பிட வேண்டும். அதற்கு 4,80,000-ஐ ஒதுக்கினால், உண்மையில் தொழிலைப் பரீட்சித்துப் பார்க்கக் கிடைப்பது பதின்மூன்றரை மாதம். அரை மாதத்தைத் தள்ளுபடி செய்து 13 என்று வைத்துக்கொள்ளலாம்.

பி.எஃப். பணம், பணிக்கொடை, மனைவியின் நகை ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் பி.எஃப்.-ஐ எடுத்தால் வரி உண்டு. முடிந்திருந்தாலும் அது முதுமைக்கான பணம். பங்குச் சந்தையில் போட்டிருப்பதை இன்றைய விலைக்கு அப்படியே எழுதிக்கொள்வதும் தவறு. தேவைப்படும் மாதத்தில் சந்தை கீழே இருக்கலாம். ஆறு மாதச் செலவாவது வங்கி வைப்பாகக் கையில் இருக்க வேண்டும்.

ஒரு மாதம் தள்ளினால் ஒரு வருடம்

கடிதத்தில் உள்ள தேதிக்கு வருவோம். ஜூன் 1 என்று ஏன் போட்டார்? மே 1 அன்றே கொடுத்திருக்கலாமே?

பணிக்கொடை விதிகளின்படி, பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 15 நாள் ஊதியம் உண்டு. மாதத்தை 26 வேலை நாளாகக் கொள்வது விதி. பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் கடைசி மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அது முழு வருடமாகவே கணக்கில் சேரும்.

நம் பொறியாளர் சேர்ந்தது ஒரு பிப்ரவரி 10. மே 1 கடிதம் கொடுத்திருந்தால் ஜூலை 29 அன்று வெளியே வந்திருப்பார். சேவை ஏழு வருடம் ஐந்து மாதம், கணக்கில் வருவது ஏழு வருடம். ஜூன் 1 கொடுத்ததால் ஆகஸ்ட் 29 வரை ஏழு வருடம் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. கணக்கில் எட்டு வருடம். கணக்கில் வரும் ஊதியம் 60,000 என்றால் வித்தியாசம் சுமார் 34,600 ரூபாய். மொத்தப் பணிக்கொடை சுமார் 2,77,000. ஐந்து வருடம் முடிய ஓரிரு மாதம் இருப்பவர் அவசரப்பட்டால் முழுத் தொகையுமே கைநழுவலாம்.

போனஸுக்கும் இதே கவனம் வேண்டும். பணம் கைக்கு வரும் நாளில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு போனஸ் கிடையாது என்று பல நிறுவனங்களின் விதியில் இருக்கும். கம்பெனிப் பங்குகள் கைக்கு வரும் தேதியும் அப்படித்தான். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஆர்டரை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நாட்களையெல்லாம் காலண்டரில் குறித்த பிறகே கடிதத்துக்குத் தேதி போட வேண்டும்.

நோட்டீஸ் கொடுத்ததும் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, கணக்கு முடிப்போடு சேர்த்துத் தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. இருந்தாலும் வாடகையும் தவணையும் அதற்காகக் காத்திருக்காது. முதல் இரண்டு மாதச் செலவை அந்தப் பணத்தை நம்பாமல் எடுத்துவைப்பதே பாதுகாப்பு.

கடிதத்துக்கு முன்பே முடிக்க வேண்டியவை

கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் புதுப் பாலிசி வாங்கப் போகிறோம் என்றால் சிக்கல். புதுப் பாலிசியில் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுத்துவிட வேண்டும். கம்பெனிக் காப்பீடு கை கொடுத்துக்கொண்டிருக்கையில் அந்தக் காத்திருப்பு நாட்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அறுபதைத் தாண்டிய பெற்றோர் இருக்கும் வீட்டில் இதை ஒரு வருடம் முன்பே செய்வது உத்தமம்.

வங்கிக் கடன் விஷயமும் இதே போலத்தான். சம்பளக்காரரிடம் வங்கி கேட்பது சில மாதச் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம். சொந்தத் தொழில் என்றதும் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். ஆகவே வேலையை விட்ட பிறகு இரண்டு வருடத்துக்காவது புதுக் கடன் கிடைப்பது கடினம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கடன் பேசிக்கொண்டிருப்பவர் தொழிலா வீடா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே வருடத்தில் சுமந்தால் 13 மாதம் என்பது ஏழெட்டு மாதமாகச் சுருங்கிவிடும்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

சொந்தத் தொழிலுக்கான மென்பொருளை ராத்திரி கண் விழித்து எழுதியிருந்தாலும் அது தன்னுடையதுதானா என்ற கேள்வி உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வேலை ஒப்பந்தங்கள் பல இதற்கு மேலும் போய், பணியில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாவற்றுக்கும் உரிமை கோருகின்றன. கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி நேரத்தில், கம்பெனி மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருந்தாலும் பின்னாளில் வழக்குக்கு வழி திறந்துவிடும்.

இதை ஒழுங்காகச் செய்ததற்கு ஊரறிந்த உதாரணம் ஸ்டீவ் வாஸ்னியாக். 1976-இல் ஆப்பிள் ஒன் கணினியை வடிவமைத்தபோது அவர் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் பொறியாளர். அந்தக் கணினியை முதலில் தன் நிறுவனத்திடமே காட்டி, வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லி உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். ஆப்பிள் தொடங்கிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. முதலீடு செய்ய வந்த மைக் மார்க்குலா, முழுநேரமும் ஆப்பிளுக்கு வந்தாக வேண்டும் என்றபோதும் முதலில் மறுத்து, பிறகே மனம் மாறினார். நம் பொறியாளருக்கு இதில் பாடம் இருக்கிறது. அலுவலகத்தின் தொழிலுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும் பொருள் என்றால், விலகும் முன்போ விலகும்போதோ எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். சம்பந்தமே இல்லாத துறை என்றால், பொருளைப் பற்றிய குறிப்புகளையும் நிரலையும் சொந்தக் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு, முக்கியமான பகுதியைக் கடைசி வேலை நாளுக்குப் பிறகு எழுதுவது பாதுகாப்பானது.

வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் பயந்துபோக வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் வேலையில் இருக்கும் நாள்வரை அந்தக் கட்டுப்பாடு செல்லும். நோட்டீஸ் காலமும் வேலைக் காலம்தான். கம்பெனியின் ரகசியங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோ விலகிய பிறகும் தொடரும்.

அந்த 90 நாளில் தன் பெயரில் நிறுவனம் பதிவு செய்ய அவசரப்படுகிறவர்கள் உண்டு. நிறுவன இயக்குநர்களின் பெயர்கள் மத்திய அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. மேலாளருக்குத் தெரிந்தால், நல்லபடியாக முடிய வேண்டிய விலகல் விசாரணையில் போய் முடியும். பதிவைச் செப்டம்பரில் வைத்துக்கொண்டால் போதும்.

காரணம் ஒரே வரி

"சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்காக" என்று எழுதினால் போதும். என்ன தொழில், யார் கூட்டாளி, எவ்வளவு முதல் என்பதெல்லாம் கடிதத்தில் வேண்டாம். மேலாளர் மீதும் அப்ரைசல் மீதும் உள்ள வருத்தங்களும் வேண்டாம். இந்தக் கடிதம் மனிதவளப் பிரிவின் கோப்பில் பல வருடம் கிடக்கும். நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் விசாரிக்கிறவர்கள் வந்து கேட்பது அந்தப் பிரிவிடம்தான். மேல்படிப்பு என்றோ உடம்பு சரியில்லை என்றோ பொய்க் காரணம் எழுதுவதும் நல்லதல்ல. பழைய சகாக்களில் சிலர்தான் முதல் வாடிக்கையாளராகவோ முதல் ஊழியராகவோ வரப்போகிறவர்கள். அவர்களிடம் பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டிய தேவையே இல்லை.

கடிதம் போனதும் மேலாளர் தனியே கூப்பிட்டுப் பேசுவார். "ஏன்ப்பா, வேற ஆஃபரா? எவ்வளவு தர்றாங்கன்னு சொல்லு, பேசிப் பார்க்கலாம்" என்பார். வேறு கம்பெனிக்குப் போகிறவருக்கு அது பேரம். தொழிலுக்குப் போகிறவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை. "ஆஃபர் எதுவும் இல்ல சார். தேதி மட்டும் மாறாது" என்று சொல்லிவிட்டு, ஒப்படைக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்து வைத்தால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்த்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். இந்த மூன்று மாதச் சம்பளம் சேமிப்பைத் தொடாமல் ஓடும் மூன்று மாதம். பாதியில் நின்றுவிட்டால் அனுபவச் சான்றிதழில் சிக்கல் வரும். அந்தச் சிக்கல் கடிக்கப்போவது, பணம் தீர்ந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான்.

இன்னொரு தேதி

கடிதம் சொல்லும் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 29. அதை எழுதுகிற அன்றே இன்னொரு தேதியையும் எழுத வேண்டும். அது கம்பெனிக்கு அனுப்ப அல்ல, கணவனும் மனைவியும் பார்த்து ஒப்புக்கொள்ள. நம் பொறியாளருக்கு அது அடுத்த வருடம் செப்டம்பர் 30. 13 மாதம் முடியும் நாள். அன்றைக்குத் தொழில் ஒரு நிலைக்கு வந்திருக்காவிட்டால் வேலை தேடத் தொடங்க வேண்டும்.

எந்த நிலை என்பதையும் அப்போதே எழுத வேண்டும். அவருடைய மென்பொருளுக்கு ஒரு கடை மாதம் 1,500 ரூபாய் கட்டும் என்றால், 1,20,000 செலவு தானே நடக்க 80 கடைகள் வேண்டும். பதின்மூன்று மாதத்தில் 80 வராது. 40 கடைகள் வந்திருந்தால்கூட மாதம் 60,000 உள்ளே வருகிறது. சேமிப்பிலிருந்து எடுப்பது பாதியாகிறது. கையில் ஒதுக்கிவைத்த நாலரை மாதப் பணம் ஒன்பது மாதத்துக்கு நீளும். அப்போது தேதியைத் தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. 10 கடைகள்தான் என்றால் நியாயம் இல்லை.

கடைகளை எண்ணுவதில் கறாராக இருக்க வேண்டும். "நல்லா இருக்கு தம்பி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற கடைக்காரர் எண்ணிக்கையில் இல்லை. இலவசமாகப் பயன்படுத்துகிறவரும் இல்லை. பணம் கட்டி, இரண்டாவது மூன்றாவது மாதமும் கேட்காமலே கட்டுகிறவர் மட்டும்தான் கணக்கு. ஆறாவது மாதத்தில் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லையென்றால், செப்டம்பருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. விலையையோ பொருளையோ விற்கும் இடத்தையோ மாற்ற அதுதான் நேரம்.

இரண்டாவது தேதியை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் குறையக் குறைய மனம் கணக்கை வளைக்கும். அவசரத்துக்கு ஒதுக்கிய 3 லட்சத்தில் கை வைக்கச் சொல்லும். பிறகு நகை, பிறகு அப்பாவின் வயல் என்று போகும். சேமித்துவிட்டுத் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் கடனில் விழுவது இந்த வழியில்தான். சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஜூன் மாதத்தில், பதற்றமில்லாத மனதோடு எழுதிய தேதிக்கு, கடைசி மாதத்தில் எடுக்கும் எந்த முடிவையும்விட மதிப்பு அதிகம்.

இந்த இரண்டு தேதிகளையும் குறித்து, மனைவி அதைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகு, அந்த ஆறு வரிக் கடிதத்தை அனுப்பலாம்.